நீயும் இல்லை, நீங்களும் இல்லை

ஆங்கிலத்தில் 'யூ' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் மட்டும் அந்த வருடம் என் கையில் கிடைத்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். முதலாளிக்கும் யூ, மூட்டை தூக்குகிறவனுக்கும் யூ, பெண்டாட்டிக்கும் யூ, மாமனாருக்கும் யூ. தமிழ் சப்டைட்டில் எழுத எனக்குக் கிடைத்த ஜப்பானியத் தொடரின் வசனம் அப்படித்தான் வந்தது. ஒரு பக்கம் ஜப்பானிய மூலம், அடுத்த பக்கம் ஆங்கிலம், அதற்குப் பக்கத்தில் தமிழ் போட வேண்டிய காலிக் கட்டம். பெரும்பாலானவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். எனக்கு ஜப்பானியம் தெரியும். வயிற்றெரிச்சலுக்குக் காரணமே அதுதான்.

கோவிட்டுக்காக நாட்டில் அவசரகாலம் அறிவித்திருந்த சமயம் அது. புக்கிட் பெருந்துங்கில் ஒரு ஜப்பான்காரர் தொழிற்சாலையில் பல வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அங்கே என் மேலாளர் எப்போதும் என் பெயரோடு 'குன்' சேர்த்துத்தான் கூப்பிடுவார். மேலே இருப்பவர் கீழே இருக்கும் ஆண்பிள்ளையைக் கூப்பிடும் முறை அது. கொஞ்சம் உரிமை, கொஞ்சம் தூரம். ஒருநாள் காலையில் கூப்பிட்டு, குன்னுக்குப் பதில் வெளியாளுக்குப் போடும் மரியாதைச் சொல்லான 'சான்' போட்டு, வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் மரியாதை விகுதி வைத்து, "தயவுசெய்து அமருங்கள்" என்கிற மாதிரி பேசினார். உட்காருவதற்கு முன்பே எனக்கு வேலை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. மரியாதை சில நேரம் கதவைச் சாத்துகிற சத்தம் மாதிரிதான் கேட்கும்.

வேலை போனதும் வாடகை வீட்டை விட்டுவிட்டு, கோல சிலாங்கூரில் மாமனார் வீட்டுக்குக் குடிவந்தோம். மனைவிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் வேலை. மாமனார் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். சாலைத் தடுப்பு, வெளியே போகத் தடை என்று நான் புலம்பினால் அவருக்குச் சிரிப்பு வரும்.

"எங்க காலத்து அவசரகாலத்துல, கம்யூனிஸ்டுக்குப் பயந்து வெள்ளக்காரன் நாங்க இருந்த லயத்தச் சுத்தி முள்ளுக்கம்பி போட்டு அடைச்சான். அரிசியக்கூட அளந்துதான் குடுத்தான். நான் சின்னப்பய. இதெல்லாம் ஒரு அவசரகாலமா லா?"

இதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லமாட்டார். டிவியைப் பார்த்துச் சொல்வார்.

அந்த வீட்டு முன்னறையில், கூரையில் குரங்குகள் குதிக்கும் சத்தத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் வசனம் எழுதினேன். தொடரின் கதை எளிது. ஒரு சிற்றூரில் சோயா சாஸ் காய்ச்சும் பழைய பட்டறை. முதலாளிக்கு ஒரே மகள். அங்கே வேலை செய்யும் ஒருவனை அவளுக்குக் கட்டிவைத்து, தன் குடும்பப் பெயரையும் அவனுக்குக் கொடுத்து வீட்டோடு வைத்துக்கொள்கிறார். ஜப்பானில் அது பழைய வழக்கம். நம்மிடமும் உண்டு, வீட்டோடு மாப்பிள்ளை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் மாமனார் அவனைக் 'குன்' போட்டே கூப்பிடுகிறார். தொடர் முழுக்க அதே குன். கடைசிப் பகுதியில், பட்டறையில் பெரிய மரத்தொட்டிகளுக்கு நடுவே, முதல்முறையாகக் குன்னை விட்டுவிட்டு வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உட்காரு" என்கிறார். பெற்ற மகனைக் கூப்பிடுவது போல. அவ்வளவுதான், தொடர் முடிந்தது. அந்த ஓர் அழைப்புக்காகத்தான் அத்தனை பகுதிகளும்.

எனக்கு அந்தக் கடைசிக் காட்சி தமிழில் வேண்டும். அதை ஏன் அவ்வளவு பிடித்துக்கொண்டேன் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. நான் எந்த வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன் என்று பார்த்தாலே தெரியும்.

கோலாலம்பூரில் இருந்து வேலையை அனுப்பும் பெண் நல்லவள்தான். ஆனால் அவளிடம் ஒரு மரியாதை அட்டவணை இருந்தது. கணவன் மனைவிக்கு 'நீ', மனைவி கணவனுக்கு 'நீங்கள்', மாமனாரும் மருமகனும் இருபுறமும் 'நீங்கள்'. கொரியத் தொடரோ, துருக்கித் தொடரோ, எல்லாவற்றுக்கும் அதே அட்டவணை. சான், குன் எதையும் தமிழில் அப்படியே வைக்கக்கூடாது.

"அந்தத் தொடர்ல பொண்டாட்டிதாம்மா முதலாளி மக. அவன்தான் அவகிட்ட மரியாதையாப் பேசுறான்," என்றேன் போனில்.

"தெரியுதுண்ணே. ஆனா புருசன் பொண்டாட்டிய நீங்கன்னு சொன்னா நம்ம ஆளுங்க சிரிப்பாங்க லா."

"சிரிக்கட்டுமே! கதையே அதுதான்!"

"சரிண்ணே, அதுக்கு நான் மேல பேசி அனுமதி வாங்கித் தர்றேன். மாமனார் மட்டும் டேபிள்ல உள்ளபடி போட்டுடுங்க."

அந்த மாமனார்தான் எனக்கு வேண்டியவர். குன்னை எடுத்துவிட்டால் தமிழில் முதல் பகுதியிலும் வெறும் பெயர், கடைசியிலும் வெறும் பெயர். வித்தியாசத்தை வினைச்சொல்தான் சுமக்க வேண்டும். முதலிலிருந்தே "நீ வா, நீ போ" என்று போட்டால் கடைசி "உட்காரு" சப்பென்று போய்விடும். "வாங்க மாப்பிள்ளை" என்று போட்டால், நம் ஊர் மாமனார் மருமகனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற மாதிரி ஆகிவிடும். அந்தக் கிழவர் கொண்டாடவில்லை. ஒதுக்கவும் இல்லை. நடுவில் எங்கேயோ நிறுத்தி வைத்திருக்கிறார்.

போதாக்குறைக்கு எழுத்துக் கணக்கு. திரையில் வசனம் இரண்டு வரிதான் நிற்கலாம், அதுவும் வாசித்து முடிக்கிற வேகத்துக்குள். அந்த மென்பொருள் நம் புள்ளியையும் கொம்பையும்கூடத் தனி எழுத்தாக எண்ணும். 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அடித்தால் அளவு மீறிவிட்டது என்று உடனே சிவப்பு. கிழவர் ஒரு மூச்சில் உறுமுகிறதைத் தமிழில் மரியாதையாகச் சொல்வதற்குள் அவர் அடுத்த அறைக்கே போய்விடுகிறார். எழுதி எழுதி அழித்தேன். மடிக்கணினியைத் தூக்கி ஆற்றில் போடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஒரு மத்தியானம் அப்படித் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது மாமனார் உள்ளே வந்தார்.

"சாப்பாடு ஆச்சா?"

"ஆச்சு மாமா."

"பின்னாடி பைப்ப மூடியாச்சா?"

"மூடிட்டேன் மாமா."

"ஃபேன கொஞ்சம் கொறைச்சா நல்லாருக்கும்."

குறைத்தேன். அவர் போய்விட்டார். அடுப்படியில் இருந்து மனைவி மெதுவாக வந்தாள்.

"அப்பா உங்கள எப்படிக் கூப்புடுறாருன்னு கவனிச்சீங்களா?"

"எங்க கூப்புட்டாரு?"

"அதான் சொல்றேன். முன்னாடி வாய் நெறைய 'வாங்க மாப்ள, சாப்புடுங்க மாப்ள'ம்பாரு. இங்க வந்ததுல இருந்து நீங்களும் இல்ல, நீயும் இல்ல. ஆச்சா, போச்சான்னே ஓட்டிக்கிட்டு இருக்காரு."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. சம்பாதிக்கிற மருமகனுக்கு 'வாங்க'. மகள் சம்பளத்தில் சாப்பிடுகிற மருமகனை 'வாங்க' என்று சொல்ல நாக்கு வரவில்லை, 'வா' என்று சொல்லவும் மனசு வரவில்லை. தமிழனுக்கு அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. ஆளையே எடுத்துவிட்டு வேலையை மட்டும் பேசுவது. கோபம் வந்தது, அவமானமாகவும் இருந்தது. எழுந்து பின்வாசலுக்குப் போய், மூடியிருந்த பைப்பை மறுபடியும் இறுக்கி மூடிவிட்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்து கட்டத்தைப் பார்த்தேன். ஜப்பான் கிழவர் மருமகனிடம், கணக்கை முடித்துவிட்டாயா என்று கேட்கிறார். "கணக்கு முடிஞ்சதா?" என்று அடித்தேன். சிவப்பு வரவில்லை. அடுத்தது: "தொட்டியைக் கழுவியாச்சா?" அதற்கடுத்தது: "வண்டி வந்தால் சொன்னால் போதும்." அடப்பாவி, பொருந்துகிறதே! அட்டவணையையும் மீறவில்லை, குன்னின் தூரமும் வந்துவிட்டது. என் மாமனார் என்னை நிறுத்தி வைத்திருந்த அதே இடத்தில் அந்தக் கிழவரின் மருமகனையும் கொண்டுபோய் நிறுத்தினேன். தொடர் முழுக்க, ஒரு 'நீ' இல்லாமல், ஒரு 'நீங்கள்' இல்லாமல். சில வரிகள் நேராக அந்த வீட்டுக் கூடத்தில் இருந்து எடுத்தவை. வேலை நடந்தது என்று சந்தோஷப்படுவதா, அது எங்கிருந்து வந்தது என்று நினைத்து அழுவதா, தெரியவில்லை.

கடைசிக் காட்சிக்கு வெறும் பெயரும், "வா. நீ இங்கே உட்காரு" என்றும் போட்டேன். கூடவே ஒரு குறிப்பும் எழுதினேன்: 'இந்த நீ வேண்டுமென்றே போட்டது. தயவுசெய்து மாற்ற வேண்டாம்.' கோலாலம்பூர்ப் பெண் போனில், "நல்லா இருக்குண்ணே, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு," என்றாள். நானும் நம்பினேன்.

தொடர் டிவியில் வந்தது ஞாயிற்றுக்கிழமைகளில். சர்ச் பூசையைப் போனில் பார்த்து முடித்து, சாப்பிட்ட பிறகு மாமனாரும் பார்ப்பார். தமிழ் நான் எழுதியது என்று என் மனைவி அவரிடம் சொல்லியிருந்தாள். நல்லாயிருக்கு என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒரு வாரமும் விடவில்லை. நடுவில் ஒருநாள், "இந்த ஜப்பான்காரன் பேச்சு தெரிஞ்ச பேச்சா இருக்கே," என்று டிவியிடம் சொன்னார்.

கடைசிப் பகுதி அன்று நாற்காலி முனையில் உட்கார்ந்திருந்தேன். மரத்தொட்டிகள் வந்தன. கிழவர் திரும்பினார். வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரையில் தமிழ் வந்தது.

"வாருங்கள். நீங்கள் இங்கே அமருங்கள்."

துள்ளி எழுந்துவிட்டேன். "கெடுத்துட்டானுங்களே! பாவிங்க, கெடுத்துட்டானுங்களே!" நடந்தது எனக்கு உடனே புரிந்துவிட்டது. கடைசிச் சரிபார்ப்பில் யாரோ அட்டவணையை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மற்ற பகுதிகளில் கிழவர் மருமகனிடம் பேசும்போது நீயும் நீங்களும் எதுவும் இல்லாததால் எங்கேயும் தட்டவில்லை. மொத்தத் தொடரிலும் அவர் அவனிடம் சொல்லும் ஒரே ஒரு 'நீ' மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. பிழை என்று திருத்திவிட்டார்கள். எதற்காக அத்தனையையும் ஒளித்து வைத்தேனோ, அதுவே மாட்டிக்கொண்டது. திரையில் அந்த மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அமருங்கள்" என்று சொன்னதற்கா அழுகிறான்? பார்க்கிறவனுக்கு என்ன எழவு புரியும்?

மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். மாமனார் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"என்னாச்சு? எதுக்கு இந்தச் சத்தம்?"

"அவர் அப்படிச் சொல்லல மாமா! நான் அப்படி எழுதவே இல்ல!"

"வேற என்ன சொன்னாரு?"

"அவ்வளவு நாளும் ஒட்டாமப் பேசுனவரு, இன்னிக்குத்தான் மகனக் கூப்புடுற மாதிரி கூப்புடுறாரு. வா, நீ இங்க உட்காருன்னு. அதுக்காகத்தான் மாமா அவன் அழுவுறான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் அத்தன வருசம் அந்த வீட்டுல கெடந்தான்!"

கூடத்தின் நடுவில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன் என்பதுகூட அப்போதுதான் தெரிந்தது. மாமனார் திரையைப் பார்த்தார். அங்கே எழுத்துகள் ஓட ஆரம்பித்துவிட்டன. பிறகு திரும்பி, அந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து முதல்முறையாக, என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"சரி விடு. அவனுங்க கெடக்குறானுங்க." சோபாவில் ஒதுங்கி இடம் விட்டார். "வா. நீ இங்க உக்காரு."

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் போய் உட்கார்ந்தேன்.