தராசு அக்காவும் இரண்டு வாஷிங் மெஷினும்

எங்கள் விளம்பர அலுவலகத்தின் வடிவமைப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. அவள் கேக் வெட்டினால் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் சண்டை போட வழியே இருக்காது. படம் எடுக்கும் எனக்கோ பொறுமை கிடையாது. இருவரும் ஒரே மேசையில் காலம் தள்ளுகிறோம் என்றால், அது அவளுடைய புண்ணியம்.

எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர் வாஷிங் மெஷின் கடைக்காரர்தான். மேல்மூடி மெஷினையும் முன்கதவு மெஷினையும் ஒப்பிட்டு, போனில் தள்ளித் தள்ளிப் பார்க்கிற கேரசல் படவரிசை ஒன்று கேட்டார்.

"முன்கதவுதான் ஜெயிக்கணும்மா. குடோன் பூரா அதான் நிக்குது. மத்ததைக் கொஞ்சம் மங்கலா போட்டுடு."

"அப்படிப் போட்டா ஜனங்க ரெண்டாவது படத்திலேயே ஓடிடுவாங்க சார்" என்றாள் தராசு.

அவர் முகம் கறுத்தது. இந்தக் கடை போனால் எங்களில் ஒருவருக்கு வேலை போகும். "பேசாம அவர் சொன்னதைச் செஞ்சு தொலையேன்!" என்று நான் கத்தினேன். அவள் கேட்டால்தானே!

இரண்டையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் வைத்து எடுக்கச் சொன்னாள். ஒரு ஸ்லைடுக்கு ஒரே கேள்வி: விலை, தண்ணீர், நேரம், துணி எடுக்கக் குனிவது. மேல்மூடி எப்போதும் இடப்பக்கம், முன்கதவு வலப்பக்கம், எழுத்து ஒரே அளவு. கடைசி ஸ்லைடில் யாருக்கு எது பொருந்தும் என்று மட்டும்.

அனுப்புவதற்கு முன் அவளுக்கு ஒரு பழக்கம். அந்த வேலையில் கை வைக்காத ஒருவரிடம் காட்டி, "இதைச் செஞ்சவங்க எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். ஆள் சரியாகச் சொல்லிவிட்டால் வேலை தோற்றது. இந்த முறை இருவரும் கடைக்கே போனோம்; அங்கே பில் போடுகிற, கடைக்காரரின் மனைவியிடம் போனைக் கொடுத்தாள்.

அந்த அம்மா நேரம் பற்றிய ஸ்லைடில் நின்றார். "நீ மேல்மூடிக் கட்சி. முன்கதவுக்கு மட்டும் வெந்நீர்ல ஓடுற நேரத்தைப் போட்டிருக்கியே! பச்சத்தண்ணில போட்டா இவ்வளவு நேரம் ஆகாதே?"

தராசு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் வீட்டில் மேல்மூடிதான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து இரண்டுக்கும் ஒரே அளவு துணி, பச்சைத் தண்ணீர், சாதாரணத் துவைப்பு என்று மாற்றினாள். அந்த வரியை ஸ்லைடின் அடியிலும் எழுதினாள். அப்போதும் முன்கதவுக்குத்தான் நேரம் அதிகம், ஆனால் வித்தியாசம் பாதியாகக் குறைந்திருந்தது. தண்ணீரில் முன்கதவு தெளிவாக முந்தியது.

"இப்ப சொல்லுங்கம்மா, நான் எந்தப் பக்கம்?"

"தெரியலையே!" என்று அந்த அம்மா விரலால் தள்ளிக்கொண்டே போனார். குனிவது பற்றிய ஸ்லைடு வந்ததும் கை நின்றது. கடைசி ஸ்லைடைப் படித்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏங்க! இடுப்பு வலிக்காரங்களுக்கு மேல்மூடின்னு போட்டிருக்கு. நம்ம வீட்ல இருக்கிற முன்கதவை யாரைக் கேட்டு வாங்கினீங்க?"

கடைக்காரர் வெளியே வந்து திருதிருவென்று விழித்தார். போனை வாங்கி எல்லா ஸ்லைடையும் தள்ளிப் பார்த்தார்.

"அடிப்பாவி, எனக்கே ஒரு மேல்மூடி வித்துட்டியே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். "இதையே போடு. அடுத்தது ஃபிரிட்ஜ்."