காலியாக இருந்த இரண்டு கட்டங்கள்

எட்டாவது வாரத்தில் லேசாக ரத்தம் பட்டது. எனக்கு அது முதல் கர்ப்பம். அப்போது சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், புரோஜெஸ்டிரான் மாத்திரை எழுதினார். காலையும் இரவும் பெண்ணுறுப்புக்குள் வைக்க வேண்டும், படுத்தே இருக்க வேண்டும், இரண்டு வாரம் கழித்து ஸ்கேன். "கர்ப்பத்தத் தாங்குற ஹார்மோன் இதுதான். ஒரு வேள கூட விடக்கூடாது" என்றார்.

பழைய காலண்டர் ப்ரூஃப் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். தேதி, காலை, இரவு, ரத்தம் உண்டா இல்லையா. நாலாம் நாள் ரத்தம் நின்றது. மாத்திரைதான் நிறுத்தியது என்று நம்பினேன். இப்படிப்பட்ட கசிவு பல பேருக்குத் தானாகவே நின்றுவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ரத்தம் நின்றதும் அத்தை, என் மாமியார், இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய் வர வேண்டும் என்றார். ஆட்டோவில் மெதுவாகப் போகலாம், படுத்தபடியே வரலாம். முந்தின இரவு நான் மாத்திரையை எடுத்தபோது தடுத்தார்.

"கோயிலுக்குப் போறப்ப அங்கன எல்லாம் வைக்காதத்தா. சுத்தபத்தமா போவோம். ஆத்தா பாத்துக்கிருவா."

மறுநாள் காலையும் வைக்கவில்லை. இரண்டு கட்டங்களைக் காலியாகவே விட்டேன். செய்யாததைச் செய்ததாகக் குறிக்க எனக்கு வராது.

பத்து வாரம் மூன்று நாளில் விருதுநகரில் ஸ்கேன் எடுத்தோம். துடிப்பு இல்லை.

ரிப்போர்ட்டோடு டாக்டரம்மா அறைக்குப் போனபோது அத்தை பையிலிருந்து என் தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

"ரெண்டு வேள வைக்கல பாருங்க. கட்டம் காலியாக் கெடக்கு. பெறவு எப்பிடி தங்கும்?"

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொன்னது அவருக்கு நிஜமாகவே மறந்திருக்கலாம். என் கணவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா ரிப்போர்ட்டை மடித்துவைத்து, "அடுத்த தடவ ஒழுங்கா வைக்கணும்" என்றார்.

கர்ப்பப்பையைச் சுத்தம் செய்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்தேன். கருவின் நீளம் பத்து மில்லிமீட்டர். ஏழு வாரம் ஒரு நாள் வளர்ச்சி. நான் முதல் மாத்திரை வைத்தது எட்டு வாரம் இரண்டு நாளில். எட்டு நாள் வித்தியாசம். ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு முன்பே வளர்ச்சி நின்றுபோன கருவுக்குத்தான் அத்தனை கட்டங்களையும் நிரப்பியிருந்தேன்.

மறுவாரம் தனியாகப் போய்க் கேட்டேன். டாக்டரம்மா மறுக்கவில்லை.

"நின்னுபோன கருவ எந்த மாத்திரையும் எழுப்பாது. இப்பிடிக் கலையிறதுல பாதிக்கு மேல கருவே சரியா அமையாமப் போறதுதான். முதல் கர்ப்பத்துல ரத்தம் பட்டா இந்த மாத்திர காப்பாத்தும்னு உறுதியான ஆதாரம் இல்லம்மா. சின்னச் சின்ன ஆராய்ச்சிதான் இருக்கு. பெருசா கெடுதல் இல்ல, அதனால குடுக்குறோம். ஒண்ணுமே எழுதலன்னா நீங்களே வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருவீங்க."

"இத அன்னைக்கு எங்க அத்தைகிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேனே. ஸ்கேன் எடுத்த அன்னைக்கே, நீங்க ரெண்டு பேரும் வெளிய போனப்பெறவு."

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். தெரியும் என்றார். ஏன் மறைத்தீர்கள் என்றதற்குச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"மாத்திர விட்டதாலன்னு இருந்தா, அடுத்த தடவ ஒழுங்கா வச்சா சரியாப்போயிரும்னு அம்மா விட்டுருவாக. இல்லன்னா ஒன் ஒடம்புலதான் கோளாறும்பாக. ஒனக்காகத்தான்."

எனக்காக. பத்து நாளாக நான் அந்த இரண்டு வேளையை நினைத்துத் தூங்காமல் கிடந்தேன். பக்கத்திலேயே படுத்திருந்தவருக்கு விடை தெரிந்திருந்தது. டாக்டரம்மாவை என்னால் ஒருவாறு மன்னிக்க முடிந்தது. அவர் எனக்கு யாரோ.

பல வருடங்கள் கழித்துப் பெரிய ஆராய்ச்சியின் முடிவுகள் வந்தன. ரத்தம் பட்ட எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் இந்த மருந்தால் தெளிவான பலன் தெரியவில்லை. ஏற்கெனவே கரு கலைந்தவர்களுக்கு மறுபடி ரத்தம் பட்டால் கொஞ்சம் உதவுகிறது, அதிகம் இழந்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக. ஆக, முதல் தடவையில் எனக்கு அதை எழுதியதற்கு இன்றைக்கும் வலுவான ஆதாரம் இல்லை.

டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்து வந்த அன்று சாயங்காலமே அத்தையிடம் நானே சொன்னேன். தேதிகளைச் சொன்னேன், எட்டு நாள் வித்தியாசத்தைச் சொன்னேன், இருக்கன்குடிக்குப் போவதற்கு முந்தின இரவு மாத்திரை வேண்டாம் என்றது யார் என்பதையும் சொன்னேன். அவர் பூக்கட்டுவதை நிறுத்தவில்லை. பிறகு வாசல் பக்கம் நின்ற மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமாலே?"

என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே போய்க் கேட்க அத்தையும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை.