அகப்பை படாத குழம்பு

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆறட்டும் என்று நான் விட்டதும் இல்லை.

டவுனில் ரதவீதிக்குப் பின்னால் முட்டை ஓடுகூடப் படியேறாத ஒரு சைவ வீட்டில் பிறந்தவள் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கூட வேலை பார்த்த வாத்தியாரைக் கட்டிக்கொண்டு சீவலப்பேரிக்குப் போனேன். பிறந்த வீட்டில் கதவைச் சாத்தினார்கள். புகுந்த வீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். வயலும் மாடுமாக இருந்த குடும்பம். வாரத்தில் மூன்று நாள் மீன். கடற்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வருகிறவள் எங்கள் தெருமுனையில் இறங்குவாள்.

முதல் மாதம் நான் வைத்த குழம்பு கூழாகப் போனது, உண்மை. சாம்பார் வைக்கிற கை. காயைப் போடுகிற மாதிரி புளித்தண்ணீரோடு மீனையும் சேர்த்துப் போட்டேன். அடிப்பிடிக்குமோ என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கிண்டினேன். பருப்பு வேகிற நேரம் கொதிக்கவிட்டேன். சட்டியில் மிஞ்சியது முள் மட்டும். அன்றைக்கு அவர்கள் சிரித்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

ஆனால் நான் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, கெடுத்துக் கெடுத்துத்தான். வாய் அகன்ற மண்சட்டி. குழம்பு தனியாகக் கொதித்துத் தீர வேண்டும். மிளகாய்ப்பொடியின் பச்சை வாசம் போய், அரைத்த தேங்காய் சேர்ந்து, ஓரத்தில் எண்ணெய் மினுங்க வேண்டும். உப்பு, புளிப்பு, உறைப்பு எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும், மீன் விழுந்த பிறகு திருத்தப் போகக் கூடாது. விறகைப் பாதி வெளியே இழுத்துவிட்டு, துண்டு மேல் துண்டு ஏறாமல் ஒவ்வொன்றாக நழுவ விட வேண்டும். அதற்கப்புறம் அகப்பைக்குச் சட்டிக்குள் வேலை கிடையாது. துணியால் இரண்டு பக்கமும் பிடித்துச் சட்டியையே பைய ஒரு சுற்று சுற்றினால் போதும். பாறை மீன் துண்டுக்கு ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம். சாளை மாதிரிச் சின்ன மீன் என்றால் அதிலும் குறைவு. சதை கண்ணாடி மாதிரி இருப்பது போய் வெள்ளையானதும் இறக்கிவிடலாம், மிச்சத்தை மண்சட்டியின் சூடு பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போகிற கைக்கடிகாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டி, அதைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா வந்தார். என் மாமனாரின் அண்ணன். எங்கள் கல்யாணத்துக்கு வராதவர். அவர் வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போனால் மற்ற சொந்தமும் படியேறும் என்று வீடே காத்திருந்தது. குழம்பை யார் வைப்பது என்று காலையிலேயே பேச்சு வந்தது. என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், தானே வைப்பதாகச் சொன்னார். அத்தை, என் மாமியார், முடியாது என்றார். வந்த மருமகள் கையால் சாப்பிட்டால்தான் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்றார். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, கழுத்தில் கத்தி வைத்தாரா, இன்றைக்கும் தெரியவில்லை.

வைத்தேன். பன்னிரண்டு துண்டுகள். பன்னிரண்டும் முழுசு. தலையையும் வால்பக்கத்து நாலு துண்டையும் ராத்திரிக்கென்று மஞ்சளும் உப்பும் தடவி எடுத்து வைத்தேன். சட்டியை இறக்கும்போது தோல்கூடப் பிரியவில்லை. அப்படியே கல் மேல் வைத்து மூடிவிட்டு, கொல்லையில் இலை அறுக்கப் போனேன். கால் மணி நேரம் இருக்கும், அவ்வளவுதான்.

வாளியில் ஊற்றித் தயாராக வைத்திருந்த குழம்பைப் பந்தியில் பெரிய மாமா இலைக்குக் கரண்டியால் ஊற்றினேன். விழுந்தது நார். மறுபடி தோண்டினேன், முதுகு முள் ஒன்று வழுவழுவென்று மேலே வந்தது. அவர் விரலால் சோற்றைக் கிளறிப் பார்த்துவிட்டு, தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"வாசம் அடிக்கு. மீனைத்தான் தேடுதேன். கடலுக்குத் திரும்பிப் போயிட்டோ?"

எல்லாரும் சிரித்தார்கள். சைவக்காரி கைக்கு மீன் எங்கே நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். என் கணவர் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார் என்றே எனக்குத் தோன்றியது. சிரிக்கவே இல்லை என்று பிற்பாடு நூறு முறை சொல்லியிருக்கிறார்.

அடுப்பங்கரைக்குப் போனேன். இறக்கி வைத்த சட்டியின் அடியில் புதுக் கரி. இழுத்துவிட்ட விறகு உள்ளே தள்ளியிருந்தது. அண்டா மூடி மேல் அகப்பை, அதன் குழிவில் வெள்ளைச் சதை ஒட்டிக்கொண்டு. நான் தொடவே தொடாத அகப்பை. அதை எடுத்துக்கொண்டு பந்திக்கே வந்தேன்.

"நான் இந்தச் சட்டிக்குள்ள அகப்பையே போடல."

மதினி தயங்கவில்லை. "நாந்தான் போட்டேன். ஏட்டி, ஏழு நிமிசத்துல இறக்கிட்டியே, வெந்துருக்குமா? மறுபடி அடுப்புல ஏத்தி நல்லாக் கொதிக்க வச்சேன். கிண்டலைன்னா அடிபிடிச்சிரும்லா."

அவ்வளவுதான். ஒரு முகமும் அவர் பக்கம் திரும்பவில்லை. மூத்தவள், நல்லதுக்குத்தானே செய்தாள் என்று முடித்துவிட்டார்கள். கிண்டியவள் கைக்குப் பழி இல்லை. என் பிறந்த வீட்டுக்குப் பழி. பிறந்ததிலிருந்து மீன் தின்கிறவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். வெந்த மீனை மறுபடி கொதிக்கவிட்டால் உதிரும் என்று அதில் ஒருவருக்குக்கூடவா தெரியாது?

பத்து நிமிஷம் இருங்கள் என்றேன். கேட்கவில்லை, சொன்னேன். மாமனார் ரசத்தை ஊற்றச் சொன்னார். நான் உள்ளே போய் உதிர்ந்த குழம்பைச் சல்லடையில் வடித்தேன். கொதித்துச் சுண்டியிருந்ததால் அரை தம்ளர் வெந்நீர் விட்டேன். கொதி வந்ததும் உப்புப் பார்த்தேன். ராத்திரிக்கு வைத்த நாலு துண்டையும் அலசி, விறகை இழுத்துவிட்டு, ஒன்றொன்றாக விட்டேன். மதினி அடுப்பங்கரை வாசல் வரை வந்தார். நான் அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன். அகப்பை என் இடுப்புச் செருகலில் இருந்தது. ஆணியில் கடிகாரம். ஏழு நிமிஷத்தை நான் அவ்வளவு நீளமாக அதற்கு முன்னால் பார்த்ததில்லை; எங்கள் ஊரில் சின்ன ஆறு தாமிரபரணியோடு சேருமிடத்தில் தண்ணீர் நிற்பது போலவும் ஓடுவது போலவும் இருக்குமே, அப்படி.

சட்டியையே தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தேன். தோசைத் திருப்பியை அடியில் கொடுத்து ஒரு துண்டை எடுத்து அவர் இலையில் வைத்தேன். முழுசாக உட்கார்ந்தது, ஒரு விளிம்பும் சிதறாமல். அவர் விரலால் அழுத்தினார். அடுக்கு அடுக்காகப் பிரிந்தது, முள் தனியாக வந்தது. துண்டு முழுவதையும் தின்றார். இன்னொன்று கேட்டார்.

கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "நல்லா வந்துருக்கு. பெரியவ பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்துருக்கா போல."

மதினி மறுக்கவில்லை. அத்தை தரையைப் பார்த்தார்.

அதோடு விட்டாரா? வருகிற ஞாயிறு தன் வீட்டுக்கு வரச் சொன்னார். ஊளி மீன் வாங்கி வைப்பதாகவும், மதினியையும் கூட்டிக்கொண்டு வந்தால் ஒத்தாசையாக இருக்கும் என்றும் சொன்னார். வீடு முழுக்கக் குளிர்ந்துபோனது. ஏற்றுக்கொண்டுவிட்டார். நான் கண் கலங்க வேண்டிய இடம் அது. எனக்கோ அந்த 'ஒத்தாசை'யில் காது எரிந்தது.

"வாரேன் மாமா. மதினியும் வரட்டும், சாப்பிட. அடுப்பங்கரையில நான் மட்டுந்தான் நிப்பேன்."

அவர் சரி என்று சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அடுத்த ஞாயிறு போனோம். அடுப்பங்கரையில் மீன் கழுவி வைத்திருந்தது. சட்டி இருந்தது, புளி கரைத்திருந்தது. எங்கே தேடியும் அகப்பையைக் காணவில்லை. பெரிய மாமா அதைக் காலையிலேயே பரணில் தூக்கிப் போட்டுவிட்டதாக அவர் வீட்டு அத்தை சொன்னார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்கு அவருக்குப் பரண் ஏறுவது சுலபமாக இருந்திருக்கிறது.