ஆளுக்கு இருநூற்றைம்பது

கொச்சங்காடியில் இஞ்சிக் கிடங்குக்கு மேல்மாடியில் எங்கள் சிட்டி ஆபீஸ், அதாவது சீட்டுக் கம்பெனி. நாற்பது பேர், மாதம் ஐயாயிரம், இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டு. மட்டாஞ்சேரியில் நான் நடத்தும் தையல்கடையின் வருமானத்தில்தான் கட்டிவந்தேன்.

அந்த மாத ஏல அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது. ஒருவர் ஐம்பதாயிரம் தள்ளி ஏலம் எடுத்திருந்தார். அவருக்கு ஒன்றரை லட்சம், வரி தனி. அதெல்லாம் சரி. ஆளுக்கு டிவிடெண்ட் எழுநூற்றைம்பது என்றிருந்தது. துணியில் கோடு போடும் சாக்பீஸாலேயே மேசையில் போட்டுப் பார்த்தேன். தள்ளுத்தொகை ஐம்பதாயிரத்தில் கம்பெனியின் கமிஷன் போகும்; இரண்டு லட்சத்துக்கு ஐந்து சதவீதம், பத்தாயிரம். மீதி நாற்பதாயிரத்தை நாற்பது பேருக்குப் பிரித்தால் ஆயிரம். கமிஷனை இரண்டு முறை கழித்திருக்கிறார்கள்.

தவணைக்குக் கடைசி நாள். ஐயாயிரத்தில் டிவிடெண்ட் ஆயிரம் போக நாலாயிரத்தை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

"நாலாயிரத்தி இருநூத்தம்பது, சேச்சி," என்றார் மேனேஜர்.

"நாலாயிரம்தான் சேட்டா. கணக்கு தெத்து, தப்பாப் போட்டிருக்கீங்க."

"அது கம்ப்யூட்டர் போடுற கணக்கு. தெத்தாது."

ஒப்பந்தத்தை விரித்து கமிஷன் வரியில் விரலை வைத்தேன். அவர் பார்க்கவே இல்லை. "இன்னைக்கு முழுசா கட்டலைன்னா உங்க டிவிடெண்டே போகும், கேட்டோ?"

எனக்குப் பின்னால் நின்ற, எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் மிளகு வியாபாரி, "இருநூத்தம்பது ரூபாய்க்கு ஏன் தங்கச்சி மல்லுக்கட்டுற? கடைக்குப் போகணும்," என்றார்.

"எனக்கு இருநூத்தம்பது. நாப்பது பேருக்குப் பத்தாயிரம், காக்கா. அது யார் பைக்குள்ளே போகுது?"

மேனேஜர் என் பணத்தைத் திருப்பித் தள்ளினார். நான் அதை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வாங்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. சிட்டி ரெஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு நானே கொண்டுபோறேன். அதுவரைக்கும் இங்கேதான் நிப்பேன்."

வரிசை நீண்டது. யாரோ சலித்துக்கொண்டார்கள். மிளகு வியாபாரி மட்டும் செல்போனில் எதையோ தட்டிவிட்டு நிமிர்ந்தார். "என் பேர்லயும் வீட்டாளுங்க பேர்லயுமா எனக்கு மூணு சீட்டு. எழுநூத்தம்பது போயிருக்கே! நானும் நகரப் போறதில்லை."

மேனேஜர் உள்ளே போய் போன் பேசினார். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் நாலாயிரத்துக்கு ரசீது போட்டார்.

"எனக்கு மட்டும் திருத்தினா போதாது," என்றேன். "நாப்பது பேருக்கும் புது அறிக்கை அனுப்புங்க. முன்னாடியே கட்டினவங்களுக்கு அடுத்த தவணையிலே கழிங்க."

சாயங்காலத்துக்குள் அறிக்கை வந்தது. ஆளுக்கு ஆயிரம். தவறுக்கு வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த ஏலத்துக்கு வேலையைப் போட்டுவிட்டு நேரிலேயே போனேன். தள்ளு, கமிஷன், டிவிடெண்ட் மூன்றையும் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்த பிறகுதான் மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவேன் என்றேன். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார்.