அஞ்சம்மாள் எண்ணிய சைக்கிள்கள்

தாம்பரம் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த பொன்னுரங்கம் வாழ்க்கையில் ஒருநாள்கூடக் கபடி ஆடியதில்லை. ஆனால் பெண்கள் கபடிப் போட்டி என்று ஒன்று அந்த வட்டாரத்தில் வருஷாவருஷம் நடந்ததென்றால் நடத்தியவர் அவர்தான். தலையெழுத்து என்று அவரே சலித்துக்கொள்வார். மறுநாளே ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்குவார்.

1987இல் அவருக்குப் பெரிய துணை முடிச்சூர் சாலை சைக்கிள் கடை துரைராஜ். கோப்பை அவருடையது, பந்தல் அவருடையது. மற்ற கடைக்காரர்கள் துரைராஜ் கொடுத்தால் கொடுப்பார்கள், அவர் கையை விரித்தால் அவர்களும் விரிப்பார்கள். அவர் விலகினால் அடுத்த வருஷம் போட்டியே இல்லை.

அந்த துரைராஜ் இரண்டாம் நாள் மைதானத்துக்கு வந்தார். அவர் கடை பேனரைப் பையன்கள் பின்பக்கச் சுவரோரம் வேப்பமரத்துக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். பார்த்தார், டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். பொன்னுரங்கம் பையன்களைக் கூப்பிட்டார். பேனரை உடனே இடம் மாற்றினார், ஆனால் பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

போட்டி முடிந்ததும் பொருளாளர் சம்பந்தம் யோசனை சொன்னார். "துரைராஜுக்குப் போன வருஷம் மாதிரியே எழுதிடு சார். பத்தாயிரம் பேர் வந்தாங்க, உங்க பேரு ஊரெல்லாம் பரவிச்சுன்னு. பேனர் விஷயத்த நாமளா எதுக்குக் கெளறணும்?"

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வரும். "பத்தாயிரம் பேரை எண்ணினது யாரு, நீயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஆனால் எண்ணியவர் அவரும் இல்லை. டிக்கெட் இல்லாத போட்டிக்குக் கூட்டத்தை எப்படிச் சொல்வது?

பதில் மைதான வாசலில் உட்கார்ந்திருந்தது. சைக்கிள் ஸ்டாண்டு போட்டிருந்த அஞ்சம்மாளிடம் தகர டோக்கன்கள் இருந்தன. ஒன்று வண்டியில் தொங்கும், அதே எண் இன்னொன்று ஆளிடம் இருக்கும். தினமும் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்குவாள்.

"முத நாளு நூத்தி எம்பத்தாறு சார். ரெண்டாம் நாளு எரநூத்தி நாப்பது. பைனலுக்கு நானூத்தி முப்பத்தொண்ணு. டோக்கனே பத்தல, அட்டையில எழுதிக் கட்டினேன். சைக்கிள் கடக்காரரு அனுப்பினாரே மெக்கானிக்கு, அவுரு மூணு நாள்ல அம்பத்தேழு பஞ்சர் ஓசியில ஒட்டினாரு. தோ, கம்பத்துல சாக்பீஸால கோடு போட்டு வெச்சிகிறேன் பாரு. எத்தினி பேரு கடை எங்க கீதுன்னு கேட்டுகினு போனாங்க தெரியுமா!"

பொன்னுரங்கம் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னா சார் இது, பேஜாரு!" என்று அவள் கூச்சப்பட்டாள்.

அன்றே தட்டச்சு செய்தார். ஒரே ஒரு பக்கம். வந்த அணிகள், வென்ற அணி, கோப்பையோடு பெண்கள் நிற்கும் புகைப்படம், சைக்கிள் கணக்கு, பஞ்சர் கணக்கு. நடந்தும் ரயிலிலும் வந்தவர்களை எண்ணவில்லை என்று ஒரு வரி. முதல் இரண்டு நாள் தங்கள் பேனரைத் தவறான இடத்தில் கட்டிவிட்டோம், இனி அது சைக்கிள் ஸ்டாண்டு வாசலில்தான் இருக்கும் என்று இன்னொரு வரி. அதை அடிக்கும்போது விரல் தயங்கத்தான் செய்தது. கடைசியில், தகவல் உதவி: அஞ்சம்மாள், சைக்கிள் ஸ்டாண்டு. அடுத்த வருஷத்துக்குப் பணம் கேட்டு ஓர் எழுத்தும் இல்லை.

போட்டி முடிந்த எட்டாம் நாள் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். துரைராஜ் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தார்.

"அம்பத்தேழு பஞ்சரா? என் ஆளு என்கிட்ட சொல்லவேயில்லையே."

"அந்தம்மா கோடு போட்டு வெச்சிருந்தாங்க சார்."

"போன வருஷம் பத்தாயிரம்னு எழுதினீங்க. அந்த மைதானத்துல அத்தனை பேரு நிக்கவே எடம் கெடையாது." பொன்னுரங்கம் தலைகுனிந்தார். துரைராஜ் காகிதத்தைத் தட்டினார். "பேனரப் பத்தி நீங்க எழுதலைன்னா நானும் வாயத் தொறந்திருக்க மாட்டேன் சார். அடுத்த வருஷம் நீங்க வர்றப்ப ஊர்ல இல்லைன்னு சொல்லச் சொல்லியிருப்பேன். இத்தனை வருஷத்துல வாங்கிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து நடந்தத நடந்தபடி சொன்னதில்ல. அடுத்த வருஷக் கோப்பையும் என்னுது. ரெண்டு மெக்கானிக்கா அனுப்பறேன். அந்தம்மா வெயில்லயா உக்காந்திருந்தாங்க? ஸ்டாண்டுக்கும் ஒரு பந்தல் போட்டுருங்க, என் செலவு."

பொன்னுரங்கம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார். சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே அஞ்சம்மாளிடம் போனார். பந்தல் சேதியைச் சொன்னார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எம் பேரப் போட்டியாமே, சம்பந்தம் சாரு சொன்னாரு. படி சார்."

படித்தார். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அப்புறம் அவர் வைத்திருந்த கார்பன் நகலை வாங்கி, டோக்கன் பையில் மடித்து வைத்துக்கொண்டாள்.