நிழல் இல்லாத கார்கள்

எங்கள் தீவில் ஓயாமல் மழை பெய்யும் கியூர்பிப் ஊரின் சந்தைக்குப் பின்னால் இருந்த கார் நிறுத்தத்தில் இடம் போதுமா போதாதா என்று, விமானத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தைப் பார்த்து எங்கள் வரைபட அலுவலகம் சொல்ல வேண்டியிருந்தது. போதாது என்றால் அகலப்படுத்துவார்கள். அகலப்படுத்த இருந்த ஒரே இடம், மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த என் அத்தையின் வீடு. சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அத்தைக்கு வீடு போகப்போகிறதே என்ற கவலைதான்.

இது என் அத்தை வீட்டு விவகாரம் என்று தலைமை வரைவாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அதனால் அவர் எண்ணுவது, நான் சரிபார்ப்பது என்று முடிவாயிற்று.

சந்தைச் சுவரை நாடா பிடித்து அளந்து, படத்தில் அதன் நீளத்தோடு ஒப்பிட்டு அளவுகோலைக் கண்டுபிடித்தோம். ஒரு வரிசையின் நீளத்தை, ஒரு கார் நிற்கக் கோடு போட்ட கட்டத்தின் அகலத்தால் வகுத்தால் அதில் எத்தனை கார் நிற்கும் என்று தெரிந்துவிடும். மரக்கிளை மறைத்த கோடுகளையும் அதே இடைவெளியில் ஊகித்துக்கொண்டோம். எல்லா வரிசையையும் கூட்டினால் மொத்தக் கொள்ளளவு. நிற்கிற கார்களைக் கழித்தால் காலியிடம். அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்து, காலி என்று பேருக்குத்தான் இருக்கிறது என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். சாய்ந்த வெயிலில் எல்லாக் காருக்கும் ஒரு பக்கம் கறுப்பாக நிழல் விழுந்திருந்தது. மதிலோரத்து வரிசையில் வெளிறித் தெரிந்தவற்றுக்கு மட்டும் நிழலே இல்லை. பேய்க்கு நிழல் கிடையாது என்று சின்ன வயதில் கேட்டு நடுங்கியவன் நான். அவரிடம் விரலால் காட்டினேன்.

அவரும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கியூர்பிப் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? தூறும்போது நின்ற கார்கள் மழை விட்டதும் கிளம்பிவிட்டன. அவற்றின் அடியில் நனையாத தரை, ஈரத் தாருக்கு நடுவே கார் மாதிரியே வெளிறித் தெரிகிறது. அத்தனையும் காலியிடம்! மறுபடி கழித்தோம். இடம் தாராளமாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் மூலையில் இருந்த கட்டத்திலும் ஒரு உலர்ந்த தடம். டாக்சி ஓட்டிய மாமா, அத்தையின் கணவர், எப்போதும் நிறுத்திய இடம் அது. அவர் செத்ததிலிருந்து மற்ற டாக்சிக்காரர்கள் அதை விட்டுவைத்திருந்தார்கள். தெரியாமல் யாராவது வண்டியைத் திருப்பினாலும் விரட்டிவிடுவார்கள். மேலே மரமும் கிடையாது. சாயங்காலம் போய் அவர்களைக் கேட்டேன். படம் எடுத்த அன்றும் யாரும் அங்கே நிறுத்தவில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

வீடு தப்பியதை அத்தையிடம் சொன்னேன். அழுதாள். அந்தத் தடத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவள் ஆச்சரியப்படவே இல்லை. எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னாள், அதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்:

"மழை பெஞ்சா உன் மாமா வண்டிய எடுக்கமாட்டார்டா. விட்டப்புறம்தான் கிளம்புவார்."

மறுநாள் அந்தக் கட்டத்தையும் காலி என்றே எழுதினோம்.