மூன்றாவது பட்டை

அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேளாண் மாநாட்டில் வைக்க வேண்டிய என் ஆராய்ச்சி போஸ்டரைச் செய்ய உட்கார்ந்தேன். "கல்நெஞ்சுக்காரி" என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா சொன்னது காதில் விழுந்தது. விழட்டும். அழுகை வரவில்லை, பசியும் எடுக்கவில்லை. வேலை மட்டும்தான் ஓடியது.

சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்ணில் தக்கைப்பூண்டு என்ற உரச்செடியை வளர்த்து, மடக்கி உழுது, பிறகு நிலக்கடலை போட்டால் எவ்வளவு விளையும் என்பது என் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வயல் ஒன்று வேண்டுமே? சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்த கையோடு அப்பா ஊருக்கு ஓடிப் போய்ப் பயிரிட்டுவந்த எங்கள் நிலத்தையே எடுத்துக்கொண்டேன்.

செய்ததையெல்லாம் போஸ்டரில் திணித்தேன். அட்டவணைகள், மண் பரிசோதனை, வேரின் படம், பொடி எழுத்தில் முடிவுரை. அச்செடுத்து ஹாலில் ஒட்டி, அம்மாவைக் கதவோரம் நிறுத்திக் காட்டினேன்.

"எறும்பு ஊர்ந்துகினு இருக்கிற மாதிரி இருக்குது. என்னாதான்டி சொல்ல வர்ற?"

சுருக்கென்றது. ஒரு வரியில் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு அந்த ஒரு வரியைத்தான் முதலில் எழுதினேன்: 'தக்கைப்பூண்டு உரத்தால் சுரங்க மண்ணிலும் கடலை விளைகிறது, நல்ல வயல் அளவுக்கு இன்னும் இல்லை.' அதையே பெரிய எழுத்தில் தலைப்பாக்கினேன். இடப்பக்கம் செய்த முறை, நாலே வரி. வலப்பக்கம் விவசாயி செய்ய வேண்டியது. நடுவில் ஒரே வரைபடம், விளைச்சலைக் காட்டும் மூன்று பட்டைகள்: உரமிடாத சுரங்க மண், தக்கைப்பூண்டு உழுத சுரங்க மண், நல்ல வயல். சுற்றிலும் வெள்ளையாக விட்டேன்.

என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியருக்குத் தலைப்பின் பின்பாதியும் மூன்றாவது பட்டையும் பிடிக்கவில்லை. "மூணாவது பட்டை எதுக்கும்மா? நம்ம வேலையச் சின்னதாக் காட்டுது. எடுத்துடு."

"அது இல்லன்னா மண்ணு எவ்வளவு தேறியிருக்குன்னு எப்படி சார் தெரியும்? எடுக்க மாட்டேன்."

நான் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அது யார் வயல் என்று அவரிடம் சொல்லவில்லை.

"சரி. யாராவது கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

மாநாட்டில் பலரும் தலைப்பைப் படித்துவிட்டுத் தலையசைத்துப் போனார்கள். துண்டு போட்ட பெரியவர் ஒருவர் தூரத்திலேயே நின்று படித்தார். பிறகு கிட்டே வந்து மூன்றாவது பட்டையில் விரலை வைத்தார்.

"இந்த நெலம் யாருதும்மா?"

"எங்க அப்பாதுங்க."

"மண்ண நல்லா வெச்சிருக்காரே மனுஷன்! இந்தப் பட்டத்துக்கு என்னா வெதச்சிருக்காரு?"

பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

"இந்தப் பட்டம் ஒண்ணும் போடலைங்க" என்றேன். அத்தனை பேர் பார்க்க, போஸ்டரின் முன்னால் நின்றபடியே அழுதேன்.